டீக்கடை வாசலில் நின்று பேசிய காமெடி நடிகரும் என் தம்பியின் 41,300 ரூபாயும்

ஐஸ்ஹவுஸ் பாலா (காசிமேடு)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு 23 வயசு. மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. விடிகாலை ஏலம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் கை சும்மா இருக்கும். அந்த நேரத்தில்தான் போன். ஈரம் படக்கூடாதென்று போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பான், கவர் மேலேயே விரலால் தள்ளிக்கொண்டிருப்பான்.

டிவியில் வரும் ஒரு காமெடி நடிகரின் ரீல்ஸ் அவனுக்கு வந்திருக்கிறது. பெயர் வேண்டாம். லுங்கி கட்டிக்கொண்டு ஒரு டீக்கடை வாசலில் நிற்கிறார். பேச்சு அப்படியே நம்ம ஏரியா பேச்சு. "நாஷ்டா காசு கூட கையில இல்லாம நின்னவன்டா நானு" என்று ஆரம்பித்து, போனைத் திருப்பிக் காட்டுகிறார். வாலட்டில் 18,400. 'வித்ட்ரா' தட்டுகிறார், பணம் வந்த சத்தம் கேட்கிறது. பயோவில் லிங்க், அவர் பெயரிலேயே ஒரு ப்ரோமோ கோடு, போட்ட பணத்துக்கு 500 சதவீதம் போனஸ். கடைசியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்து மறைகிறது.

தம்பி முதலில் 200 போட்டான். 700 ஆனது, எடுத்தான், வங்கிக் கணக்குக்கே வந்தது. அந்த 700 வந்த அன்று அம்மாவுக்குப் பழம் வாங்கி வந்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏது காசு என்று நான் கேட்கவில்லை. அப்புறம் மூன்று வாரத்தில் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தோடு சேர்த்து 41,300 போய்விட்டது.

நான் கேட்க வந்தது இதுதான். "அவரு ஏமாத்த மாட்டாருண்ணா, டெய்லி டிவில வர்றவரு" என்று தம்பி இப்போதும் சொல்கிறான். இப்படி விளம்பரம் செய்ய ஒருவருக்கு அனுமதி உண்டா? அவர்மேல் புகார் கொடுக்க முடியுமா?

தண்டையார்பேட்டை தினா

ப்ரோ, வருத்தமா இருக்கு. ஆனா சட்டப்படி அவரைப் பிடிக்க முடியாது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. திறமை விளையாட்டுக்கு விளம்பரம் செய்வது குற்றமில்லை. "பழக்கமாகிவிடும் அபாயம் உண்டு, பொறுப்போடு விளையாடவும்" என்று எச்சரிக்கை போட்டால் போதும். பொடி எழுத்து வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள், அது அந்த எச்சரிக்கைதான்.

ராயபுரம் ரேவதி

பாலா தம்பி, உன் தம்பியின் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதுதானே கேள்வி? எங்க வீட்டுக்காரர் லோன் ஆப்பில் மாட்டியபோது நாங்கள் வங்கிக்குத்தான் முதலில் போனோம். மேனேஜரைப் பார். லோன் ஆப்காரன் போட்டோவை மாற்றிப் போடுவேன் என்று மிரட்டினால் பயப்படாதே.

ஐஸ்ஹவுஸ் பாலா

அக்கா, இது லோன் ஆப் இல்லை, பெட்டிங் ஆப். மிரட்டல் எதுவும் வரவில்லை. பணம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்த நடிகர் இன்றைக்கும் அதே கோடைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய ஏஜென்சிக்காரன் (பெரம்பூர்)

பத்து வருடத்துக்கு மேல் விளம்பர ஏஜென்சியில் இருந்தேன். நடிகர்களோடு ஒப்பந்தம் பேசுவது என் வேலை. பெட்டிங் கம்பெனிகள் வந்து கேட்டபோது இரண்டு முறை உட்கார்ந்து பேசியிருக்கிறேன், பிறகு வெளியே வந்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தினா சொன்னது. பாதி சரி. ரம்மி, போக்கர் பற்றி நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அடுத்த ஓவரில் எத்தனை ரன் என்று பணம் கட்டுவதும், விமானம் மேலே ஏறி வெடிப்பதற்குள் பட்டனைத் தட்டுவதும் அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் சூதாட்ட விளம்பரத்துக்கே தனித் தண்டனை இருக்கிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்குப் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே எடுத்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால் தடை. அதை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. பாலாவின் தம்பி பயப்படாமல் புகார் கொடுக்கலாம் என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது எச்சரிக்கை வாசகம். அது எங்கிருந்து வந்தது? விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட தரக் கவுன்சில், ஆஸ்கி என்போம், 2020 கடைசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கென்று விதி போட்டது. விளம்பரத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர் போலத் தோன்றும் யாரும் ஆடக்கூடாது. எச்சரிக்கை அச்சு விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடம் பிடிக்க வேண்டும். வீடியோ என்றால் கடைசியில் எழுத்தாகவும் குரலாகவும், சாதாரணமாகப் பேசும் வேகத்தில், விளம்பரம் எந்த மொழியோ அதே மொழியில் வர வேண்டும். இதை வருமானத்துக்கு வழியாகவோ வேலைக்கு மாற்றாகவோ காட்டக்கூடாது. ஆடுகிறவர் மற்றவரைவிட வாழ்க்கையில் ஜெயித்தவர் என்றும் காட்டக்கூடாது.

பாலா சொன்ன ரீல்ஸை இதோடு வைத்துப் பாருங்கள். பேச்சு தமிழ், எச்சரிக்கை ஆங்கிலம். குரலே இல்லை. நாஷ்டாவுக்குக் காசில்லாதவன் ஜெயித்த கதை. ஒரு சின்ன ரீல்ஸில் இத்தனையும் மீறல்.

ஆனால் தினா, ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எச்சரிக்கையைச் சரியாகப் போட்டிருந்தாலும் இது சரியாகிவிடாது. அந்த விதி சட்டப்படி நடத்த அனுமதி இருந்த ஆட்டங்களுக்காகப் போட்டது. வெளிநாட்டிலிருந்து ஓடும் பெட்டிங் ஆப் எந்த வாசகம் போட்டாலும் அதன் விளம்பரம் இங்கே கூடாது.

தண்டையார்பேட்டை தினா

சரி அண்ணா, 2025 சட்டம் விளம்பரத்துக்கும் சேர்த்து என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இத்தனை விதி இருந்தும் எப்படி ஓடுகிறது?

பழைய ஏஜென்சிக்காரன்

இரண்டு ஓட்டை. ஒன்று, விதி எங்கே கடிக்கும் என்பது. டிவி என்றால் கேபிள் விதிகளின்படி ஆஸ்கி விதியை மீறிய விளம்பரத்தைச் சேனல் ஒளிபரப்பவே கூடாது, சேனல்காரனுக்கு லைசென்ஸ் பயம் உண்டு. போனில் வரும் ரீல்ஸுக்கு அப்படி ஒரு வாசல்காவலன் கிடையாது. ஆஸ்கி எடுக்கச் சொல்லும், அரசுக்குத் தெரியப்படுத்தும். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை.

இரண்டாவது பெரிய ஓட்டை. விதி விளம்பரத்தில் வரும் வார்த்தையைத்தான் படிக்கிறது. நம்பிக்கை வார்த்தையில் வருவதில்லை. பாலா, உங்கள் தம்பி எதை நம்பினார்? 500 சதவீதத்தையா? அந்த லுங்கியை, அந்த டீக்கடையை, "நம்ம ஆளு" என்கிற குரலை நம்பினார். நான் உட்கார்ந்த கூட்டத்தில் கம்பெனிக்காரர் கேட்டதே அதைத்தான். பெரிய ஹீரோ வேண்டாம், ஹீரோவைப் பார்த்தால் "இவருக்குக் காசு கொடுத்திருக்காங்க" என்று ஜனம் புரிந்துகொள்ளும், தெருவில் பார்த்தால் தோளில் கை போடுகிற மாதிரி ஆள் வேண்டும் என்றார்கள். போனில் காட்டும் வாலட்டும் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. கம்பெனியே பணம் நிரப்பிக் கொடுக்கும் டெமோ கணக்கு.

அதனால்தான் சில நாடுகள் என்ன சொல்கிறார் என்பதை விட்டு, யார் சொல்கிறார் என்பதைப் பிடித்தன. பிரிட்டனில் 2022 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வலுவாக ஈர்க்கும் யாரும், முன்னணி கால்பந்து வீரர்கள் உட்பட, சூதாட்ட விளம்பரத்தில் வரக்கூடாது. நெதர்லாந்து அதே ஆண்டு பிரபலங்களை மொத்தமாக எடுத்துவிட்டது. ஸ்பெயினும் அப்படிச் செய்தது, ஆனால் 2024இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. எங்கேயும் நேர்கோடாகப் போகவில்லை.

கொருக்குப்பேட்டை செல்வம்

எல்லாரும் அந்த நடிகரையே குறை சொல்கிறீர்கள். அவருக்கு என்ன தெரியும்? மேனேஜர் கொண்டுவந்து கொடுப்பதைப் பேசிவிட்டுப் போகிறார். நாளைக்கு அவர் பல்பொடி விளம்பரம் செய்து யாருக்காவது பல் போனால் அவரா பொறுப்பு? மேலும் அது அவரே இல்லாமலும் இருக்கலாம். சச்சினின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து ஒரு கேமிங் ஆப்புக்கு வீடியோ விட்டார்கள், 2024 ஜனவரியில் அவரே அதை மறுத்துப் பதிவு போட்டார்.

பழைய ஏஜென்சிக்காரன்

செல்வம், போலி வீடியோ பற்றிச் சொன்னது முக்கியமான விஷயம். அதைச் சோதிக்க எளிய வழி, அந்த வீடியோ அவருடைய சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா, அல்லது நடுவில் விளம்பரமாக மட்டும் வருகிறதா என்று பார்ப்பது. பாலா, பயோவில் லிங்க் என்றீர்கள். அப்படியென்றால் அவர் பக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தெரியாது என்ற வாதத்துக்கு 2019 நுகர்வோர் சட்டம் ஒரு இடம் விட்டிருக்கிறது. விளம்பரத்தில் நடிப்பவர், அதில் சொல்லப்படுவது உண்மையா என்று தக்கபடி விசாரித்துப் பார்த்திருந்தால் தப்பலாம். பார்க்காமல் பேசியிருந்தால் 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு எந்த விளம்பரத்திலும் வரக்கூடாது என்றும் தடை போடலாம். காசு வாங்கிக்கொண்டு பேசுவதை மறைப்பதும் தவறு. "பெய்டு பார்ட்னர்ஷிப்" என்ற குறி இருந்ததா என்று பாருங்கள்.

தெரிந்தபின் விலகியவர்களும் உண்டு. 2020 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆன்லைன் ஆட்ட விளம்பரம் தொடர்பாகக் கோலி, கங்குலி, பிரகாஷ் ராஜ் உள்ளிட்டோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2025இல் தெலங்கானாவில் வழக்கு வந்தபோது பிரகாஷ் ராஜ், 2016இல் அந்த விளம்பரத்தைச் செய்ததாகவும் தவறென்று உணர்ந்து நீட்டிக்கவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். விலக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பல்பொடிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, செல்வம். பல்பொடி நடிகருக்குச் சம்பளம் ஒருமுறை. பெட்டிங்கில் சொந்தக் கோடு வைத்திருப்பவர்களில் பலருக்கு, அந்தக் கோடில் சேர்ந்தவர்கள் தோற்கும் பணத்தில் சதவீதம். ரசிகன் ஜெயித்தால் அவருக்கு வருமானம் குறையும். அந்த நடிகரின் ஒப்பந்தம் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கோடு கொடுப்பது எதற்கு? யார் வழியாக யார் வந்தார் என்று எண்ணுவதற்குத்தான்.

கொருக்குப்பேட்டை செல்வம்

இது உண்மையென்றால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆதாரம் இல்லாமல் அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன்.

வியாசை பந்து

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வியாசர்பாடியில் 15 வயதுப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் போட்டி. ஒருவர் வந்து ஜெர்சிக்கு ஸ்பான்சர் தருகிறேன் என்றார். ஏதோ "ஸ்போர்ட்ஸ் நியூஸ்" வெப்சைட். செய்திதானே என்று ஒத்துக்கொண்டேன். 22 ஜெர்சி அடித்தும் வந்துவிட்டது. இந்த இழையைப் படித்ததும் உள்ளே ஏதோ நெருடுகிறது.

பழைய ஏஜென்சிக்காரன்

நெருடுவது சரிதான். பெயரில் "நியூஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். அதே பெயர், அதே லோகோ, அதே நிறத்தில் பெட்டிங் தளம் வந்தால் அது மறைமுக விளம்பரம். சாராயக் கம்பெனி சோடா விளம்பரம் போட்ட அதே வித்தைதான். மத்திய தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் இந்தச் செய்தித் தள வித்தையைத்தான் பெயர் சொல்லிக் கண்டித்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதலும் மறைமுக விளம்பரத்தைத் தடுக்கிறது.

வியாசை பந்து

தேடினேன். அதே லோகோ. பையன்கள் நெஞ்சில் அதைப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர்களுக்கு நானே ஒரு விளம்பர நடிகராக ஆகியிருப்பேன்.

ராயபுரம் ரேவதி

எனக்கு ஒரு சந்தேகம். 500 சதவீதம் போனஸ் கொடுத்தால் கம்பெனிக்கு நஷ்டம் ஆகாதா? 2,000 போட்டவனுக்கு 10,000 கொடுக்கிறானே?

ஐஸ்ஹவுஸ் பாலா

அக்கா, அதைத் தம்பியோடு உட்கார்ந்து நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். 2,000 போட்டான், வாலட்டில் 12,000 காட்டியது. நிபந்தனைப் பக்கத்தைத் தேடித் திறந்தோம். போனஸ் தொகையைப் போல 30 மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் பணத்தை எடுக்க முடியுமாம். 10,000 முப்பது தடவை, மூன்று லட்சம். நூறு நூறாகக் கட்டினால் 3,000 பந்தயம். நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் வீதம் கம்பெனி பக்கம் சாய்கிறது என்று வைத்தால் கூட மூன்று லட்சத்தில் 12,000 போய்விடும். அதாவது வாலட்டில் இருந்த மொத்தப் பணம். தம்பி அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒன்று சொன்னான், அது வரைக்கும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் வாலட்டில் 26,500 காட்டியிருக்கிறது. எடுக்கப் போனால் 30 சதவீதம் வரி, 7,950 முதலில் கட்டு என்று டெலிகிராமில் செய்தி. கட்டியிருக்கிறான். அப்புறம் சரிபார்ப்புக் கட்டணம் 5,000. அதையும் கட்டியிருக்கிறான். அரசு வரி 30 சதவீதம் என்று செய்தியில் கேட்டிருந்ததால் நம்பிவிட்டான்.

பழைய ஏஜென்சிக்காரன்

30 சதவீதம் என்பது உண்மையான எண். 2023 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் ஆட்ட வெற்றிப் பணத்தில் அவ்வளவு பிடிக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொன்னது. ஆனால் அது வெற்றிப் பணத்திலிருந்து பிடிப்பது. உங்கள் கையிலிருந்து புதிதாகக் கட்டச் சொன்னால் அந்த நொடியே திருட்டு. அப்புறம், பணம் போன யூபிஐ பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயர், மளிகைக் கடை பெயர் என்று இருக்குமே?

ஐஸ்ஹவுஸ் பாலா

ஆமாம் அண்ணா. ஒரு தடவை டெய்லர் கடை, ஒரு தடவை ஏதோ ஒரு அம்மா பெயர். ஏழு பேர்.

பழைய ஏஜென்சிக்காரன்

அந்த ஏழு பெயர்தான் போலீசுக்குப் பிடி. 1930க்கு அழையுங்கள் அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் ஆகிவிட்டது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பதியுங்கள்.

விளம்பரம் பற்றிய புகார் தனி. ஆஸ்கிக்கு ஒன்று, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒன்று. அதற்கு முன்னால் இன்றைக்கே ரீல்ஸை ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்யுங்கள். பயோவும், லிங்கைத் தட்டினால் எங்கே போகிறது என்பதும், கோடும் ஒரே வீடியோவில் வர வேண்டும். தேதி தெரியட்டும். அந்த லிங்க் இன்று ஒரு தளத்துக்குப் போகும், அரசு முடக்கினால் நாளை வேறு தளத்துக்குப் போகும். மாறாமல் இருப்பது கோடு மட்டும்தான். நடிகரையும் கம்பெனியையும் சேர்த்துக் கட்டும் கயிறு அதுதான்.

தண்டையார்பேட்டை தினா

அண்ணா, ஒரு கேள்வி. கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, தளம் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியென்றால் கடைசியில் கையில் அகப்படுவது அந்த நடிகர் மட்டும்தானே? அது நியாயமா?

பழைய ஏஜென்சிக்காரன்

நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். முழு பதில் என்னிடம் இல்லை. ஆனால் கம்பெனிக்கு இந்த ஊரில் ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. பாலாவின் தம்பிக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்த முகம்தான். அந்த முகத்தை வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேள்வி கேட்பது தவறாக எனக்குத் தோன்றவில்லை.

கொருக்குப்பேட்டை செல்வம்

கேள்வி கேளுங்கள். ஜெயிலில் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஐஸ்ஹவுஸ் பாலா

இன்று காலை 1930இல் பதிந்துவிட்டோம், புகார் எண் வந்தது. போனில் தம்பியே பேசினான். ஏழு பெயரையும் தேதியோடு வரிசையாகச் சொன்னான். ரீல்ஸை நேற்றே ரெக்கார்ட் செய்துவிட்டேன். அதே டீக்கடை, ஆனால் இன்று பயோவில் லிங்க் வேறு. கோடு அதேதான், அண்ணா சொன்ன மாதிரி. "பெய்டு பார்ட்னர்ஷிப்" குறி எங்கேயும் இல்லை.

தம்பி அந்தப் பக்கத்தை இன்னும் அன்ஃபாலோ செய்யவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாசை பந்து

ஸ்பான்சர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 22 ஜெர்சிக்கும் புதிதாகத் துணி வாங்க முடியாது. எழுத்தை மட்டும் மறைக்க வழி உண்டா?

ராயபுரம் ரேவதி

எம்.சி. ரோடுக்கு எடுத்து வா தம்பி. அங்கே எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார். அதே நிறத்துணியில் நெஞ்சு அளவுக்கு வெட்டி மேலே வைத்துத் தைத்துக் கொடுப்பார். பையன்கள் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே, கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது.